“உங்களுக்கு ஓனர்ஷிப்பே இல்ல” – அப்ரைசல்ல அடி வாங்கின பிறகு என்ன எழுதணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

ஏப்ரல் மாசம் வந்தாச்சு. மார்ச் 31-ஓட கணக்கு வருஷம் முடிஞ்சதும் நிறைய ஆஃபீஸ்ல ஒரு காலண்டர் இன்வைட் வரும். “அப்ரைசல் டிஸ்கஷன், 30 நிமிடம்.” அந்த முப்பது நிமிஷத்துக்கு அப்புறம் சில பேர் காபி மெஷின் பக்கம் சிரிச்சுக்கிட்டே போவாங்க. சில பேர் நேரா ரெஸ்ட்ரூம் போய் முகம் கழுவுவாங்க. இன்னைக்கு எபிசோட் அந்த ரெண்டாவது கூட்டத்துக்கு. ஏன்னா நானும் அந்தக் கூட்டத்துல இருந்தவதான்.

என் கதையையே எடுத்துக்கறேன். அதுல நான் செஞ்ச தப்பும் இருக்கு, அப்புறம் சரி பண்ணின விதமும் இருக்கு.

அந்த செவ்வாய்க்கிழமை

ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில நான் டெஸ்ட் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். ஒரு பேமென்ட் ஆப்போட டெஸ்டிங் டீம். வாரத்துக்கு ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்திருக்கேன்னு சொல்ல முடியாது, வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைதானே வரும், ஆனா வந்த சனிக்கிழமை எல்லாம் உட்கார்ந்திருக்கேன். அதனால நல்ல ரேட்டிங் வரும்னு நினைச்சேன். அந்த ஹைக்கை நம்பி வீட்ல தம்பியோட காலேஜ் ஃபீஸுக்குக் கணக்குப் போட்டு வெச்சிருந்தோம்.

வந்தது 5-க்கு 2. கூடவே மேனேஜர் மூணு வாக்கியம் சொன்னார். “உங்களுக்கு ஓனர்ஷிப்பே இல்ல. கம்யூனிகேஷன் ரொம்ப வீக். அட்டிட்யூடும் கொஞ்சம் மாறணும்.”

எனக்கு முகம் எல்லாம் சூடாயிடுச்சு. “சார், எல்லா சனிக்கிழமையும் வந்திருக்கேன். மத்தவங்க யாரு வந்தா?”ன்னு ஆரம்பிச்சேன். டீம்ல இன்னொருத்தர் பேரை இழுத்தேன். அவர் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, இருபது நிமிஷம் ஓடிடுச்சு. சாயங்காலம் ஹெச்ஆர் போர்ட்டலைத் திறந்து பார்த்தா, அந்த மூணு வாக்கியத்துக்குக் கீழ நாலாவதா ஒண்ணு சேர்ந்திருந்தது: ஃபீட்பேக்கை ஏத்துக்கற மனநிலை இல்லை.

அதாவது, நான் வாதாடி ஒரு குறையைக்கூட அழிக்கல. புதுசா ஒண்ணு சேர்த்துட்டு வந்திருந்தேன்.

“அந்த வார்த்தையா சொன்னாரு?”

மறுநாள் கேன்டீன்ல பக்கத்து டீம் லீட் ஒரு அக்கா என் எதிர்ல வந்து உட்கார்ந்தாங்க. மதுரைக்காரங்க. என் மூஞ்சியைப் பார்த்துட்டே கேட்டாங்க, “என்னமா ஆச்சு?”

“நான் எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லிட்டாருக்கா.”

“அந்த வார்த்தையா சொன்னாரு?”

யோசிச்சேன். “இல்லக்கா. ஓனர்ஷிப் இல்லன்னாரு.”

“அப்போ அதைச் சொல்லு. நீயா ஏன் மொழிபெயர்க்கற?”

இப்போ யோசிச்சா, விஷயத்தோட பாதி அந்த ஒரு கேள்விலயே இருந்தது. கடுமையான விமர்சனம் வரும்போது நம்ம காதுல விழறது ஒண்ணு, மனசுல பதியறது இன்னொண்ணு. டக்ளஸ் ஸ்டோன், ஷீலா ஹீன்னு ரெண்டு பேர் 2014-ல ஃபீட்பேக் வாங்கறதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. நமக்குக் கோபம் மூணு வழியா வரும்னு அதுல பிரிச்சிருப்பாங்க. ஒண்ணு, சொன்ன விஷயமே தப்புன்னு தோணறது. ரெண்டு, சொன்ன ஆளைப் பிடிக்காம இருக்கறது: “இவரா என்னைச் சொல்றாரு?” மூணு, “அப்போ நான் அவ்ளோதானா?”ன்னு நம்ம மேலயே விழற அடி. அன்னைக்கு எனக்கு மூணுமே ஒண்ணா வந்தது. ஆனா வாய் வழியா வெளிய வந்தது முதல் ரெண்டும்தான். மூணாவது ராத்திரி தூங்க விடல.

இதுக்கு ஒரு ஆராய்ச்சிப் பின்னணியும் இருக்கு. அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1996-ல, ஃபீட்பேக் பத்தி அதுவரைக்கும் நடந்த ஆய்வுகளை மொத்தமா சேர்த்து அலசினாங்க. சராசரியா ஃபீட்பேக் உதவுது. ஆனா மூணுல ஒரு பங்குக்கும் மேல, ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலை இன்னும் மோசமாகியிருந்தது. அவங்க சொன்ன விளக்கத்தை எளிமையா சொன்னா இதுதான்: கவனம் வேலை மேல இருந்து நகர்ந்து “நான் எப்படிப்பட்டவ”ங்கற கேள்விக்குப் போயிட்டா, ஃபீட்பேக்கோட பலன் குறையும்.

இன்னைக்குப் பேசப்போற லிஸ்ட் எதுக்குன்னா, இதுக்குத்தான். “நான்”ல போய் மாட்டிக்கிட்ட கவனத்தை இழுத்துட்டு வந்து மறுபடியும் “வேலை” மேல வைக்கறதுக்கு. மேனேஜரை சந்தோஷப்படுத்த இல்ல.

ரூம்குள்ள செய்ய வேண்டியது மூணே விஷயம்

முதல்ல அந்த ரூமைப் பார்த்துடுவோம். நான் செஞ்சிருக்க வேண்டியதை அக்கா பின்னாடி சொல்லிக் கொடுத்தாங்க.

ஒண்ணு, கையில நோட்டும் பேனாவும். லேப்டாப் வேண்டாம், டைப் பண்ணினா எதிர்ல இருக்கறவருக்கு நாம வேற வேலை பார்க்கறது போல இருக்கும். அவர் சொல்ற வார்த்தையை அப்படியே எழுதுங்க. சுருக்க வேண்டாம், திருத்த வேண்டாம். “ஓனர்ஷிப்பே இல்ல”ன்னா அதையே. இதுல ஒரு நடைமுறை லாபம் இருக்கு. எழுதற நேரம் பதில் பேச முடியாது. அந்தப் பத்து செகண்ட்ல முதல் கோபம் கொஞ்சம் இறங்கிடும். கண்ணுக்கும் பார்க்க ஒரு இடம் கிடைக்கும்.

ரெண்டு, ஒரே ஒரு கேள்வி. “இதை எந்த இடத்துல பார்த்தீங்க சார்? ஒரு சம்பவம் சொன்னா எனக்குப் புரிஞ்சுக்க வசதியா இருக்கும்.” குரல்தான் இங்க முக்கியம். இதே கேள்வியை “எங்க, ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்”ங்கற தொனில கேட்டா அது சவால். கேட்டுட்டு பேனாவை எடுத்து எழுதத் தயாரா வெச்சுக்கிட்டா, தொனி தானா சரியாயிடும்.

மூணு, முடிக்கற வாக்கியம். “எழுதிக்கிட்டேன் சார். ரெண்டு நாள் யோசிச்சுட்டு வெள்ளிக்கிழமை 15 நிமிஷம் பேசலாமா?” இதுல ஒத்துக்கிட்டதாவும் இல்ல, மறுத்ததாவும் இல்ல. “ஆமா சார், எல்லாம் என் தப்புதான்”னு உடனே சரணடையறதும் வாதாடற மாதிரியே ஒரு தப்புதான். ஏன்னா, என்னன்னே புரியாம ஒத்துக்கிட்டதை அப்புறம் சரி பண்ண முடியாது.

அழுகை வந்தா? வரட்டும். “தண்ணி குடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்”னு எழுந்து போறதுல ஒரு தப்பும் இல்ல.

ரேட்டிங் பத்தி ஒரு வார்த்தை. நிறைய கம்பெனில, உங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடியே மேனேஜர்கள் எல்லாம் உட்கார்ந்து ரேட்டிங்கை ஒப்பிட்டு இறுதி பண்ணியிருப்பாங்க. அந்த நிமிஷத்துல உங்க மேனேஜரே நினைச்சாலும் மாத்த முடியாம இருக்கலாம். ரேட்டிங்கை எதிர்த்துக் கேட்கணும்னா அதுக்குத் தனி வழி, தனி நாள். ஃபீட்பேக் பேச்சோட அதைக் கலந்தா ரெண்டுமே கெட்டுடும்.

அப்புறம், போர்ட்டல்ல இருக்கற “அக்னாலெட்ஜ்” பட்டன். பல இடத்துல அதுக்கு “பார்த்துட்டேன்”னு மட்டும்தான் அர்த்தம், சில இடத்துல “ஏத்துக்கறேன்”னு கீழ எழுதியிருக்கும். படிச்சுப் பார்த்துட்டு, கெடு எத்தனை நாள்னு பார்த்துட்டு அமுக்குங்க. எனக்கு அஞ்சு வேலை நாள் இருந்தது. கருத்து எழுதற பெட்டியை அன்னைக்கு ராத்திரியே நிரப்பாதீங்க. ராத்திரி 11 மணிக்கு எழுதினது ஃபைல்ல வருஷக்கணக்கா இருக்கும்.

மூணு பத்தி உள்ள ஒரு தாள்

இப்போ கேன்டீனுக்குத் திரும்புவோம். அக்கா ஒரு ஏ4 தாளை எடுத்து, செங்குத்தா ரெண்டு கோடு போட்டாங்க. மூணு பத்தி.

முதல் பத்தி: அவர் சொன்ன வார்த்தை, அப்படியே.

ரெண்டாவது பத்தி: என்ன நடந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னாடி இருக்கற சம்பவம்.

மூணாவது பத்தி: இனிமே நான் செய்யப்போறது.

“மூணாவதை இப்போ தொடாத. ரெண்டாவது நிறையற வரைக்கும் அது காலியாவே இருக்கணும்”னாங்க.

ரெண்டாவது பத்திக்கு ஒரு சோதனை சொன்னாங்க, எனக்கு இன்னைக்கும் உதவுது. “அந்த இடத்துல ஒரு சிசிடிவி கேமரா இருந்தா, இது அதுல பதிவாகியிருக்குமா?” ஓனர்ஷிப் இல்லாதது கேமராவுல பதிவாகாது. ஒரு டிக்கெட் ரெண்டு நாள் அசையாம இருந்தது பதிவாகும். அட்டிட்யூட் பதிவாகாது. மீட்டிங் நடுவுல எழுந்து போனது பதிவாகும். பதிவாகாதது எல்லாம் பட்டப்பேரு. அதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. சம்பவம் கிடைச்சாதான் வேலை ஆரம்பிக்கும்.

என் ரெண்டாவது பத்தி முழுக்கக் காலி. ஏன்னா செவ்வாய்க்கிழமை நான் ஒரு சம்பவம்கூடக் கேட்கல. வாதாடிக்கிட்டு இருந்தேன். அதனால வெள்ளிக்கிழமை மறுபடி நேரம் கேட்டேன். சாட்ல ரெண்டே வரி: “சார், செவ்வாய்க்கிழமை நான் சரியா கேட்டுக்கல. வெள்ளிக்கிழமை 15 நிமிஷம் கிடைச்சா, நீங்க சொன்ன மூணு பாயின்ட்டுக்கும் உதாரணம் கேட்டு எழுதிக்கணும்.” அனுப்பறதுக்கு முன்னாடி விரல் நடுங்கிச்சு. அவர் ஒரு தம்ஸ் அப் போட்டார். அவ்ளோதான்.

வாக்கியம் 1: ஓனர்ஷிப்

வெள்ளிக்கிழமை அவர் சொன்ன சம்பவம் இது. “ஜனவரி ரிலீஸ்ல அந்த ரீஃபண்ட் பக் உங்க பேர்ல ரெண்டு நாள் சும்மாவே இருந்தது. கிளையன்ட் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியல.”

எனக்கு உடனே “நான் சும்மா இல்லையே!”ன்னு வாய் வரைக்கும் வந்தது. எழுதிக்கிட்டேன், அவ்ளோதான். சீட்டுக்கு வந்து பழைய டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். செவ்வாய் காலை 11 மணிக்கு என் பேருக்கு வந்திருக்கு. 11:40-க்கு டெவலப்பர்கிட்ட சாட்ல லாக் கேட்டிருக்கேன். அவர் வியாழன் மதியம் 3 மணிக்குத்தான் அனுப்பியிருக்கார். நடுவுல டிக்கெட்ல ஒரு வரிகூட நான் எழுதல.

அதாவது என் பார்வைல நான் காத்துக்கிட்டு இருந்தேன். அவர் பார்வைல டிக்கெட் செத்துப் போயிருந்தது. ரெண்டும் உண்மை. நான் கேட்டது சாட்ல எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

இப்போ மூணாவது பத்தி. நான் முதல்ல எழுதினது: “இனிமே அதிக ஓனர்ஷிப் எடுத்துப்பேன்.” அக்கா பேனாவால ஒரே கோடு. “இது சபதம்மா. வேலை இல்ல. திங்கக்கிழமை காலைல சீட்ல உட்கார்ந்து எதை அமுக்குவ?”

திருத்தி எழுதினது இது: “என் பேர்ல இருக்கற டிக்கெட் வேற யாருக்காகவாவது காத்திருந்தா, அன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள யார்கிட்ட, என்ன கேட்டிருக்கேன், எப்போ கேட்டேன்னு டிக்கெட்லயே ஒரு வரி எழுதுவேன். ஒரு முழு வேலை நாள் தாண்டியும் பதில் வரலன்னா மேனேஜர்கிட்ட சொல்வேன்.”

வித்தியாசம் பார்த்தீங்களா? இதுல எப்போங்கறது இருக்கு, என்ன செய்யணும்ங்கறது இருக்கு, வேற ஒருத்தர் திறந்து பார்த்தா நடந்ததா இல்லையான்னு தெரியும். “இப்படி ஆனா, அப்படி செய்வேன்”ங்கற இந்த வடிவத்தைப் பத்தி பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் 1999-ல விரிவா எழுதியிருக்கார். வெறும் ஆசையைவிட, சந்தர்ப்பத்தோட சேர்த்துக் கட்டின திட்டம் நடக்கறதுக்கு வாய்ப்பு அதிகம்னு அவர் ஆய்வுகள் காட்டுது. சந்தர்ப்பம் வந்ததும் அதுவே ஞாபகப்படுத்திடும், நாம யோசிச்சு முடிவெடுக்க வேண்டியதில்ல.

வாக்கியம் 2: கம்யூனிகேஷன்

இதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் கஷ்டம். நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். “கம்யூனிகேஷன் வீக்”னு யார் சொன்னாலும் எனக்குள்ள கேட்கறது “உன் இங்கிலீஷ் மட்டம்”ங்கறதுதான். மூணு நாளா ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஃபீஸ் எவ்வளவுன்னு தேடிக்கிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கேட்டேன். “கம்யூனிகேஷன்னா எது சார்? லாங்குவேஜா?”

அவர் கொஞ்சம் ஆச்சரியமா பார்த்தார். “லாங்குவேஜ் இல்லம்மா. கிளையன்ட் கால்ல ஸ்டேட்டஸ் கேட்டா, நீங்க எந்த டெஸ்ட்ல இருந்து ஆரம்பிச்சீங்கன்னு கதை சொல்லிக்கிட்டே வர்றீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கடைசிலதான் ‘ரெடி இல்ல’ன்னு தெரியுது. அவங்க முதல் வாக்கியத்துல கேட்கறது அதைத்தான்.”

பிரச்சனை மொழில இல்ல, வரிசைல. கேட்காம இருந்திருந்தா, இல்லாத நோய்க்கு நான் பணம் கட்டி மருந்து சாப்பிட்டிருப்பேன்.

மூணாவது பத்தில எழுதினது: “ஒவ்வொரு கிளையன்ட் காலுக்கும் முன்னாடி நாலு வரி எழுதி வெச்சுக்குவேன். முதல் வரி: ரெடியா, இல்லையா. ரெண்டாவது: இல்லன்னா எது தடை. மூணாவது: யார்கிட்ட என்ன வேணும். நாலாவது: அடுத்த தேதி. அந்த வரிசைலயே படிப்பேன். விவரம் கேட்டா மட்டும் சொல்வேன்.”

வாக்கியம் 3: அட்டிட்யூட்

இதுக்கும் சம்பவம் கேட்டேன். அவர் யோசிச்சார். “குறிப்பா ஒண்ணும் ஞாபகம் இல்ல. பொதுவா அப்படி ஒரு ஃபீல்”னார்.

இந்த இடத்துல நிறைய பேர் ரெண்டு தப்புல ஒண்ணைச் செய்வோம். “ஆதாரமே இல்லாம எப்படி எழுதினீங்க?”ன்னு மறுபடி சண்டைக்குப் போவோம். இல்லன்னா “இனிமே சிரிச்ச முகமா இருப்பேன்”னு என்னத்தையாவது லிஸ்ட்ல சேர்ப்போம். சம்பவம் இல்லாத குறைக்கு வேலை எழுத முடியாது. எழுதினா, அது நடந்துச்சா இல்லையான்னு யாராலயும் சொல்லவும் முடியாது.

நான் மூணாவது பத்தில வேலைக்குப் பதிலா ஒரு வேண்டுகோள் எழுதினேன்: “அடுத்த முறை அப்படித் தோணினா அன்னைக்கே எனக்குச் சொல்லுங்க, எந்த இடம்னு தெரிஞ்சா நான் கவனிச்சுக்க முடியும்.” பந்தை அவர் பக்கம் மரியாதையா வெச்சுட்டு வந்தாச்சு.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். எல்லாக் கடுமையும் ஃபீட்பேக் இல்ல. உங்க சாதி, உடம்பு, கல்யாணம், கர்ப்பம் இதைப் பத்தின பேச்சு இந்தத் தாள்ல வரவே கூடாது. அதைத் தேதியோட, சொன்ன வார்த்தையோட, யார் கூட இருந்தாங்கங்கறதோட தனியா எழுதி வைங்க. அது பாலியல் ரீதியான பேச்சா இருந்தா, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடத்துல உள் புகார்க் குழு இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது. பெண்கள் பொதுவா மூணு மாசத்துக்குள்ள அங்க எழுத்துல புகார் கொடுக்கணும். அங்க நிதானமா லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்காதீங்க.

மெயில்

தாள் நம்மகிட்ட மட்டும் இருந்தா அது டைரி. மேனேஜர் கைக்குப் போனாதான் அது ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆஃபீஸ் நேரத்துலயே அனுப்பினேன். ஆங்கிலத்துல எழுதினதுதான், தமிழ்ல சொன்னா இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். இன்னைக்கு உதாரணங்களோட விளக்கினதுக்கு நன்றி. நான் புரிஞ்சுக்கிட்டதும், செய்யப்போறதும் கீழே.

1. ஜனவரி ரீஃபண்ட் டிக்கெட்ல நான் லாகுக்காகக் காத்திருந்தது டிக்கெட்ல பதிவாகல. இனிமே காத்திருக்கற டிக்கெட் எல்லாத்துலயும் அன்னைக்கே 5 மணிக்குள்ள ஒரு வரி எழுதுவேன். ஒரு வேலை நாள் தாண்டினா உங்களுக்குச் சொல்வேன்.

2. கிளையன்ட் கால்ல முடிவை முதல்ல சொல்வேன். நாலு வரிக் குறிப்பைக் காலுக்கு முன்னாடி உங்களுக்கும் அனுப்பறேன்.

3. அட்டிட்யூட் பத்தி இப்போ குறிப்பான சம்பவம் இல்லன்னு பேசினோம். அடுத்த முறை தோணினா அன்னைக்கே சொல்லும்படி கேட்டுக்கறேன்.

நான் தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. ஆறு வாரம் கழிச்சு 15 நிமிஷம் இதைத் திரும்பப் பார்க்கலாமா?”

இதுல என்ன இல்லன்னு கவனிங்க. சனிக்கிழமை கணக்கு இல்ல. மத்தவங்க பேர் இல்ல. டெவலப்பர் லேட்டா அனுப்பினார்ங்கற புகார் இல்ல, “லாகுக்காகக் காத்திருந்தது”ங்கற தகவல் மட்டும் இருக்கு. மன்னிப்பும் இல்ல. அதோட, வேலைன்னு எழுதினது ரெண்டே ரெண்டுதான். என் முதல் தாள்ல பதினோரு வேலை இருந்தது. பதினொண்ணையும் யாராலயும் தினமும் செய்ய முடியாது, ரெண்டாவது வாரம் எல்லாமே நின்னுடும். ரெண்டோ மூணோ போதும்.

திங்கக்கிழமை பதில் வந்தது. “5 மணி வேண்டாம், 4 மணியா வைங்க. கிளையன்ட் கால் நாலரைக்கு.” இதைப் படிச்சப்போதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. அவர் ஒரு எண்ணைத் திருத்தினதும், அது அவரோட லிஸ்ட்டும் ஆயிடுச்சு. ஆறு வாரம் கழிச்சு “மாற்றமே தெரியல”ன்னு பொதுவா சொல்ல முடியாது. திறந்து பார்க்கணும்.

பதிலே வரலன்னா? ஒரு வாரம் பொறுத்து நேர்ல ஒரு முறை கேளுங்க. அப்பவும் இல்லன்னா விடுங்க, நீங்க லிஸ்ட்படி செஞ்சுக்கிட்டே வாங்க. அனுப்பின மெயில் இருக்கு. ஆனா உங்களுக்கு வந்தது வெறும் அப்ரைசல் இல்ல, பிஐபின்னு எழுத்துல வந்திருந்தா கதை வேற. அதுல அளவுகோல் என்ன, யார் அளப்பாங்க, கடைசித் தேதி எது, இந்த மூணும் எழுத்துல வாங்காம எந்த லிஸ்ட்டும் போடாதீங்க. அங்க உங்க லிஸ்ட் முக்கியமில்ல, அவங்க லிஸ்ட்தான்.

ஆறு வாரம் கழிச்சு

நோட்டோட கடைசிப் பக்கத்துல தினமும் ஒரு டிக் அல்லது ஒரு கோடு. ஆறு வாரத்துல லீவு போக 28 வேலை நாள். டிக்கெட்ல எழுதினது 25 நாள். மூணு நாள் மறந்துட்டேன், அதுல ரெண்டு முதல் வாரத்துலயே. அந்த மூணையும் மறைக்காம மேனேஜர்கிட்ட சொன்னேன். கால் குறிப்பு மட்டும் ஒண்ணுகூடத் தப்பல, ஏன்னா அவருக்கே அது வசதியா இருந்தது. நாலாவது வாரத்துல இருந்து “குறிப்பு எங்க?”ன்னு அவரே கேட்க ஆரம்பிச்சார்.

ரேட்டிங் மாறிச்சான்னு கேட்பீங்க. மாறல. அந்த வருஷம் ஹைக் வரல. தம்பி ஃபீஸுக்கு அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு, அடுத்த வருஷம்தான் மீட்டோம். லிஸ்ட் போட்டா பணம் வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன்.

அக்டோபர்ல அரையாண்டு ஃபார்ம் வந்தது. ஓனர்ஷிப்ங்கற இடத்துல, டிக்கெட் நிலவரம் கேட்காமலே தெரியுதுன்னு எழுதியிருந்தார். “ஃபீட்பேக்கை ஏத்துக்கற மனநிலை இல்லை”ங்கற வரி இல்ல. அட்டிட்யூட் பத்தி ஒண்ணுமே இல்ல. அது என்னவா இருந்ததுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அக்கா போட்ட அந்த ஏ4 தாள் இன்னும் என்கிட்ட இருக்கு. முதல் பத்தில நான் முதல்ல எழுதி, அவங்க அடிச்ச வரியும் அப்படியே தெரியும்: “லாயக்கில்ல.” பக்கத்துல அவங்க கையெழுத்துல சின்னதா ஒரு வரி: “இதை அவர் சொல்லல.”

இந்த வாரம் உங்க டிஸ்கஷன் இருந்தா, போகும்போது ஒரு நோட்டை எடுத்துட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.